எக்ஸ்போர்ட்டில் நழுவும் ஆடியோ: மாறும் ஃபிரேம் ரேட் வீடியோவுக்கு எந்த வழி சரி?

போனில் எடுத்த நீண்ட பேட்டி. எடிட் செய்யும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால் முதல் இரண்டு நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் உதடு முன்னால் போக, குரல் பின்னால் வருகிறது. கடைசிப் பகுதிக்கு வந்தால் ஒருவர் பேசி முடித்து வாயை மூடிய பிறகும் அவர் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிக்கலோடு வருபவர்களுக்கு ஆளுக்கொரு தீர்வு சொல்வார்கள். வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு எடு என்பார் ஒருவர். எடிட்டிங்குக்கான ஆப்பிளின் வீடியோ வடிவமான புரோரெஸ்ஸாக மாற்றினால்தான் சரிவரும் என்பார் இன்னொருவர். இப்போதைய மென்பொருள்கள் அதைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும் என்பதும், ஆடியோவைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும் என்பதும் அடிக்கடி காதில் விழும். நான்குமே ஏதோ ஒரு சூழலுக்குச் சரியானவைதான். உங்கள் சூழல் எது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்னால், உங்களுக்கு வந்திருப்பது மாறும் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது ஒரே கோப்புக்குள் மாறிக்கொண்டிருக்கும் நோய்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

## இது ஃபிரேம் ரேட் சிக்கல்தானா?

ஆடியோ பொருந்தாமல் போவதில் மூன்று வகை உண்டு. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒரே அளவு தள்ளி இருந்தால் அதற்கும் ஃபிரேம் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை. பல நேரங்களில் புளூடூத் இயர்போனில் கேட்டுப் பார்ப்பதுதான் காரணமாக இருக்கும். கம்பி இயர்போனை மாட்டிக் கேளுங்கள். அப்போதும் இருந்தால் ஆடியோவை ஒரே ஒரு முறை நகர்த்தி வைத்தால் தீர்ந்தது.

இரண்டாவது, சீராகக் கூடிக்கொண்டே போவது. பத்தாவது நிமிடத்தில் கால் நொடி, இருபதாவதில் அரை நொடி என்று கணக்குத் தவறாமல் வளரும். கேமரா ஒரு பக்கம், தனி ரெக்கார்டர் ஒரு பக்கம் என்று எடுத்திருந்தால் இரண்டின் கடிகாரங்களும் கொஞ்சம் வேறுபடுவதால் இது வரலாம். 29.97 ஃபிரேமில் எடுத்ததை 30 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டாலும் இதே கதிதான். அது மணிக்கு 3.6 நொடி வரை போகும்.

மூன்றாவது, ஒழுங்கில்லாமல் நழுவுவது. சில நிமிடங்கள் பொருந்தியிருக்கும், திடீரென வேகமாக விலகும், அப்புறம் விலகிய அளவிலேயே நிற்கும். நாம் இங்கே பார்க்கப்போவது இதைத்தான். ஒரே போன் தன் மைக்கிலேயே பதிந்த ஆடியோ இப்படி நழுவினால் சந்தேகமே வேண்டாம், மாறும் ஃபிரேம் ரேட்டை முதலில் பாருங்கள்.

பார்ப்பதற்கு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மூலக் கோப்பை அதில் திறந்து, Video பகுதியில் `Frame rate mode` என்ற வரியைப் பாருங்கள். `Constant` என்று இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். `Variable` என்று இருந்தால் அதன் அடியிலேயே சராசரி, குறைந்தபட்சம், அதிகபட்சம் என மூன்று எண்கள் இருக்கும். குறைந்தபட்சம் 15 என்றிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எங்கோ ஒரே ஒரு ஃபிரேம் தாமதமாக வந்திருந்தாலும் அந்த எண் வந்துவிடும். சராசரிதான் நிலைமையைச் சொல்லும். 30-இல் எடுத்த கோப்பின் சராசரி 29.98 என்றால் லேசான காய்ச்சல். 29.25 என்றால் படுக்கையில் போட்டுவிடும்.

## ஒரு பேட்டியின் கணக்கு

ஏன் நழுவுகிறது என்று ஒரு கணக்கின் வழியே பார்த்துவிட்டால், எந்தத் தீர்வு வேலை செய்யும், எது செய்யாது என்பது தானாகவே விளங்கும். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நழுவல் பெரிதாக இருக்கும் ஒரு கிளிப்பை எடுத்துக்கொள்வோம்.

வீட்டுக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், 40 நிமிடப் பேட்டி. போன் கேமராவில் 30 ஃபிரேம் என்று வைத்திருக்கிறது. 25 நிமிடம் நல்ல வெளிச்சம். அப்புறம் மேகம் மூடி அறை இருண்டது. இருட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளி வாங்குவதற்காகப் போன் தானாகவே 24 ஃபிரேமுக்கு இறங்கியது. ஐந்து நிமிடம் கழித்து யாரோ விளக்கைப் போட, மீண்டும் 30.

முதல் 25 நிமிடத்தில் 45,000 ஃபிரேம். இருண்ட 5 நிமிடத்தில் 7,200. கடைசி 10 நிமிடத்தில் 18,000. மொத்தம் 70,200. முழுக்க 30-இல் ஓடியிருந்தால் 72,000 இருந்திருக்க வேண்டும்; 1,800 குறைகிறது.

போனில் இந்த வீடியோவை ஓடவிட்டால் எந்தப் பிசகும் தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் தோன்ற வேண்டும் என்ற நேரக்குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. பிளேயர் அதைப் பார்த்துக் காட்டுகிறது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனோ சம இடைவெளிக் கட்டங்களால் ஆனது. நேரக்குறிப்பைக் கவனிக்காமல் கட்டத்துக்கு ஒன்று என்று ஃபிரேம்களை அடுக்கிவிட்டால் அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. ஆடியோவோ நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற அளவில் சீராகவே பதிந்திருக்கிறது. அதனால் உண்மையில் நழுவுவது படம்தான், ஆடியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மென்பொருள் இந்தக் கோப்பை 30 என்று எடுத்துக்கொண்டால், 70,200 ஃபிரேமும் 39 நிமிடத்தில் தீர்ந்துவிடும். முதல் 25 நிமிடம் அட்சரம் பிசகாது. இருண்ட பகுதி வந்ததும் நிமிடத்துக்கு 12 நொடி வீதம் படம் முந்தி ஓடும். விளக்குப் போட்ட பிறகு, ஒரு நிமிடம் முந்திய நிலையிலேயே கடைசிவரை போகும்.

சரி, படம் ஒரு நிமிடம் குறைகிறதே, 39 நிமிடத்தை 40-ஆக இழுத்துவிட்டால் ஆகாதா? பலரும் முதலில் செய்வது இதைத்தான். கோப்பின் சராசரியான 29.25-ஐ ஃபிரேம் ரேட்டாக எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் இதையேதான் செய்கிறது. இப்போது தொடக்கமும் முடிவும் அழகாகப் பொருந்தும். ஆனால் 25-ஆவது நிமிடத்தில் வர வேண்டிய 45,000-ஆவது ஃபிரேம் 25 நிமிடம் 38.5 நொடியில் வரும். அதாவது ஒழுங்காக இருந்த முதல் 25 நிமிடமும் கெட்டு, படம் 38.5 நொடி பின்தங்கும். 30-ஆவது நிமிடத்தில் வர வேண்டிய ஃபிரேம் 29 நிமிடம் 44.6 நொடியிலேயே வந்து, படம் 15 நொடிக்கு மேல் முந்தி நிற்கும். கடைசி நொடியில்தான் மறுபடி சேரும்.

கடைசியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று வெளியிடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். நழுவல் சீராக இல்லாதபோது, ஒரே விகிதத்தில் இழுப்பது எந்த நாளும் தீர்வாகாது.

உங்கள் கிளிப்பில் நழுவல் இவ்வளவு பெரிதாக இருக்காது. ஆயிரம் ஃபிரேமுக்கு ஒன்று குறைந்தால் நிமிடத்துக்கு 60 மில்லி நொடி விலகும். குரல் பின்தங்குவதை 125 மில்லி நொடி அளவில்தான் மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ-வின் ஒளிபரப்புப் பரிந்துரை சொல்கிறது. குரல் முந்தினால் 45 மில்லி நொடியிலேயே தெரிந்துவிடும். அப்படியானால் இந்தச் சின்ன நழுவல் கண்ணில் படவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். டைம்லைனில் துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்தபோது எதுவும் தெரியாமல், எக்ஸ்போர்ட்டை முழுதாகப் பார்க்கும்போது மட்டும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு. டைம்லைனில் ஓட்டும்போது சில மென்பொருள்கள் ஆடியோவைப் பிடித்துக்கொண்டு படத்தை அதன் நேரத்துக்குத் தாவி எடுக்கும். எக்ஸ்போர்ட்டில் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணி எடுக்கும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நான்கு கேள்விகளை நான் பார்ப்பேன். நீண்ட கிளிப்பின் நடுவிலும் கடைசியிலும் ஆடியோ பொருந்துமா என்பது முதல் கேள்வி; இதில் தவறினால் மற்றதைப் பேசிப் பயனில்லை. படத்தின் தரமும் நிறமும் எவ்வளவு அடிபடும் என்பது இரண்டாவது. வட்டு இடமும் காத்திருக்கும் நேரமும் மூன்றாவது. பலரும் மறந்துவிடும் நான்காவது, எடிட்டிங் ஏற்கெனவே எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்பது.

| | நேரடியாக டைம்லைனில் | ஹேண்ட்பிரேக் | புரோரெஸ் | எடிட்டிங்கில் ஒட்டுப்போடுதல் |
|---|---|---|---|---|
| நீண்ட கிளிப்பில் பொருத்தம் | மென்பொருளைப் பொறுத்தது | உறுதி | உறுதி | கைவேலையைப் பொறுத்தது |
| படத் தரம் | மூலமே | சிறு இழப்பு | கண்ணுக்குத் தெரியாத இழப்பு | மூலமே |
| 40 நிமிட 1080 கிளிப்புக்கு இடம் | கூடுதல் இல்லை | சில ஜிபி | சுமார் 44 ஜிபி | கூடுதல் இல்லை |
| எடிட்டிங் முடிந்த பிறகு உதவுமா | பொருந்தாது | வெட்டுகள் நகரலாம் | வெட்டுகள் நகரலாம் | உதவும் |
| ஏற்ற சூழல் | சின்னத் துண்டுகள் | பேட்டி, வகுப்பு, பாட்காஸ்ட் | நிறத் திருத்தம், பல அடுக்கு எடிட்டிங் | வெளியீட்டுக்கு நேரமில்லாதபோது |

## மென்பொருளை நம்பி நேரடியாக டைம்லைனில் போடுவது

பிரீமியர் புரோ 2018 முதல் மாறும் ஃபிரேம் ரேட்டைப் புரிந்துகொள்கிறது. கிளிப்பின் Properties-ஐப் பார்த்தால் அதைக் கண்டுகொண்டதா என்று தெரியும். கிளிப்பின் மூல அமைப்பில் `Preserve Audio Sync` என்ற தேர்வும் உண்டு. ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய இலவச மென்பொருள்கள் இன்னும் நேர்மையாக நடந்துகொள்கின்றன. இப்படிப்பட்ட கோப்பை உள்ளே போட்டதுமே, இது எடிட்டிங்குக்கு ஏற்றதில்லை, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் தனியாகச் செய்ய வேண்டிய வேலையைத்தான் அது உள்ளேயே செய்து தருகிறது.

பத்து, பதினைந்து நொடித் துண்டுகளை வைத்து ரீல்ஸ் செய்பவருக்கும், போன் காட்சிகளை இசைக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கும் இந்த வழி தாராளமாகப் போதும். ஒவ்வொரு வெட்டிலும் கணக்கு புதிதாகத் தொடங்குவதால் நழுவல் சேர்ந்து வளர வாய்ப்பே இல்லை. ஆனால் நீண்ட கிளிப்பின் 35-ஆவது நிமிடத்திலிருந்து பத்து நொடி எடுத்தால், மென்பொருள் அந்த இடத்தை எண்ணியே தேடுமானால், 35 நிமிடப் பிழையும் கூடவே வரும். துண்டு சிறியதா என்பதைவிட, அது எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதே முக்கியம்.

மறைந்திருக்கும் செலவு, நிச்சயமின்மை. இந்தப் பதிப்பில் சரியாக வந்தது அடுத்த பதிப்பிலும் அப்படியே வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு மணி நேரக் கிளிப்பை இந்த வழியில் போட்டால், எக்ஸ்போர்ட்டை ஒரு மணி நேரமும் பார்த்தே ஆக வேண்டும். அதைவிட மாற்றிவிட்டுத் தொடங்குவது குறைந்த வேலை. டாவின்சி ரிசால்வில் Clip Attributes சென்று கிளிப்பின் ஃபிரேம் ரேட்டை மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. அது மொத்தக் கிளிப்பையும் ஒரே விகிதத்தில் இழுப்பதுதான்; மேலே சொன்ன 38.5 நொடிக் கதை அங்கேயும் நடக்கும்.

## ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றுவது

பேட்டி, வகுப்பு, பாட்காஸ்ட், சமையல் வீடியோ எடுக்கும் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். இலவசம், கட்டளை எதுவும் எழுத வேண்டியதில்லை, கோப்பும் அளவோடு இருக்கும். எடிட்டிங் தொடங்குவதற்கு முன் செய்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மாற்றும்போது என்ன நடக்கிறது? நமது பேட்டியில் இருண்ட ஐந்து நிமிடத்தில் 7,200 ஃபிரேம்தான் இருந்தது. ஹேண்ட்பிரேக் நேரக்குறிப்பைப் படித்து, நான்கு ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை வைத்து, அதை 9,000 ஆக்கிவிடும். மொத்தம் 72,000, சரியாக 40 நிமிடம். பேசும் முகத்தில் இந்த இரட்டிப்பு தெரியாது. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியிலும் நடனத்திலும் லேசாகத் தட்டித் தட்டி நகர்வதுபோல் தெரியும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எடுக்காத ஃபிரேமை எந்த மென்பொருளும் உண்மையாகக் கொண்டுவர முடியாது.

இங்கே தவறுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். `Fast 1080p30` என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பெயரில் 30 இருப்பதைப் பார்த்து நிலையாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இருப்பது `Peak Framerate`. 30-ஐத் தாண்டாதே என்றுதான் அதற்குப் பொருள். கீழே இறங்குவதை அது தடுக்காது. மாற்றி எடுத்த கோப்பும் மாறும் ஃபிரேம் ரேட்டாகவே இருக்கும். அதனால் Video தாவலுக்குப் போய், `Framerate (FPS)` என்ற இடத்தில் 30 என்று நீங்களே தேர்ந்தெடுத்து, பக்கத்தில் `Constant Framerate` என்பதைக் குறியிடுங்கள். `Same as source` வேண்டாம், 29.25 போன்ற வினோத எண் வந்து உட்கார்ந்துகொண்டால் எடிட்டிங்கில் வேறு தொல்லை தொடங்கும்.

தரத்துக்கு RF அளவை 16 முதல் 18-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். தானாகவே ஓரங்களை வெட்டும் வசதி அதில் உண்டு. Dimensions தாவலில் Cropping-ஐ `None` ஆக்குங்கள். 4கே கோப்பை 1080 அமைப்பில் போட்டால் சுருக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஐபோனில் எச்டிஆர் போட்டு எடுத்திருந்தால் H.265 10-bit தேர்வு செய்யுங்கள். 8 பிட்டில் போட்டால் நிறம் கெட்டுவிடும். ஸ்லோ மோஷன் கிளிப்பை மட்டும் 30-க்கு மாற்றவே கூடாது. 240 ஃபிரேமில் எடுத்ததில் எட்டில் ஏழு பங்கு பறிபோகும். அதை 240-இலேயே நிலைப்படுத்த வேண்டும், அதற்குக் கட்டளையால் இயங்கும் ffmpeg என்ற மென்பொருளின் வழிதான் வசதி; அது பின்னால் வருகிறது.

## புரோரெஸ்ஸாக மாற்றுவது

பொருத்தத்தைப் பொறுத்தவரை இதற்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டுமே நேரக்குறிப்பைப் பார்த்துச் சீராக்குகின்றன. புரோரெஸ் என்பதாலேயே ஆடியோ சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. சரிசெய்வது நிலையான ஃபிரேம் ரேட்தான். புரோரெஸ் தருவது வேறு இரண்டு நன்மைகள். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால் டைம்லைனில் முன்னும் பின்னும் தள்ளுவது வெண்ணெய்போல் இருக்கும். நிறத்தை எவ்வளவு திருத்தினாலும் படம் தாங்கும்.

விலை இடம்தான். ஐபோனில் 1080 அளவில் 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 40 நிமிடப் பேட்டி 2.4 ஜிபி. அதே பேட்டி புரோரெஸ் 422-இல் நொடிக்கு 147 மெகாபிட் வீதம் 44 ஜிபி ஆகும். 4கே என்றால் 170 ஜிபியைத் தாண்டும். இரண்டு கேமரா, மூன்று பேட்டி என்று சேர்ந்தால் வட்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டியதுதான். வேகமில்லாத வெளி வட்டில் வைத்து எடிட் செய்தால் மென்மையும் போய்விடும்.

ffmpeg கட்டளை இது:

```
ffmpeg -i petti.mov -fps_mode cfr -r 30 -c:v prores_ks -profile:v 2 -pix_fmt yuv422p10le -af aresample=async=1 -c:a pcm_s16le -ar 48000 petti_cfr.mov
```

`-profile:v 2` என்பது சாதாரண 422. 1 போட்டால் எல்டி, கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். ffmpeg 5.1-க்கு முந்தைய பதிப்பு என்றால் `-fps_mode` என்பதற்குப் பதில் `-vsync` என்று எழுத வேண்டும். `aresample=async=1` என்ற பகுதி முக்கியமானது. திரைப்பதிவு, ஜூம் பதிவு போன்றவற்றில் ஆடியோவிலேயே ஆங்காங்கே ஓட்டை இருக்கும். அந்த இடங்களில் அமைதியை நிரப்பி, பின்னால் வரும் பேச்சு முன்னுக்கு நகராமல் இது பார்த்துக்கொள்ளும். படத்தை மட்டும் சீராக்கிவிட்டு ஆடியோ இன்னும் நழுவுகிறதே என்று திகைப்பவர்கள் இதைத்தான் விட்டிருப்பார்கள்.

வட்டில் இடமில்லை, ஆனால் கட்டளையில்தான் செய்ய விருப்பம் என்றால் `-c:v` முதல் `yuv422p10le` வரை உள்ளதை எடுத்துவிட்டு `-c:v libx264 -crf 16` என்று போடலாம். ஹேண்ட்பிரேக் செய்யும் அதே வேலை நடக்கும். ஆடியோ மட்டும் சுருக்கப்படாமல் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். `-r 30` என்பதை `-i`-க்கு முன்னால் எழுதிவிடாதீர்கள். அங்கே எழுதினால், கோப்பில் உள்ள நேரக்குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாம் 30 என்று எடுத்துக்கொள் என்று பொருளாகிவிடும். நாம் தப்பிக்க நினைக்கும் கோளாறையே கோப்பில் நிரந்தரமாகப் பதித்துவிடுவோம். அடுத்தது, `-c copy` போட்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறதே என்று மகிழ வேண்டாம். அது ஃபிரேம்களைத் தொடுவதே இல்லை. உறைதான் மாறும், உள்ளே இருப்பது பழையதே.

கட்டளை பிடிக்காதவர்களுக்கு ஷட்டர் என்கோடர் இருக்கிறது. ffmpeg-ஐ உள்ளே வைத்துக்கொண்டு பொத்தான்களால் இயங்கும் இலவச மென்பொருள் அது.

## எடிட்டிங்கிலேயே ஒட்டுப்போடுவது

எடிட் முழுதும் முடிந்துவிட்டது, எழுத்து, இசை, நிறம் எல்லாம் போட்டாகிவிட்டது, நாளை காலை வெளியிட வேண்டும். இப்போது மூலக் கோப்பை மாற்றி அதே பெயரில் இணைத்துவிடலாமா? இணைக்கலாம், ஆனால் வெட்டுகள் இடம் மாறும். நமது பேட்டியில் 30 என்று எண்ணிய டைம்லைனில் 34-ஆவது நிமிடத்தில் வெட்டிய படம், உண்மையில் 35-ஆவது நிமிடத்துக்கு உரியது. சீராக்கிய கோப்பை இணைத்ததும், அந்த வெட்டு ஒரு நிமிடம் முந்தைய படத்தைக் காட்டும். நழுவல் ஒரு நொடிக்குள் இருந்தால் ஒவ்வொரு வெட்டையும் தொட்டுச் சரிசெய்துவிடலாம். பெரிதாக இருந்தால் மறுபடி எடிட் செய்வதற்குச் சமம்.

அந்த நிலையில் ஒட்டுப்போடுவதே புத்திசாலித்தனம். படத்தையும் ஆடியோவையும் இணைப்பிலிருந்து பிரித்துவிட்டு, பேசுபவர் மூச்சு வாங்கும் இடங்களில் ஆடியோவை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் உதட்டுக்கு நேராக நகர்த்துங்கள். துண்டுகளுக்கு நடுவில் விழும் இடைவெளியில் அந்த அறையின் அமைதியை ஒரு பேச்சில்லாத இடத்திலிருந்து எடுத்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் காது அடைத்துத் திறப்பதுபோல் இருக்கும்.

உதட்டுக்கு நேராக வைப்பதற்குப் பகரமும் மகரமும் நல்ல அடையாளங்கள். "ஆமாம்", "அப்பா", "அப்புறம்" என்று பேட்டியில் நூறு முறை வரும். ம், ப் ஒலிக்கும்போது உதடு முழுதாக மூடியாக வேண்டும். மூடிய ஃபிரேமை நிறுத்திப் பார்த்து, அலைவடிவத்தில் "ப்" என்பதற்கு முன்னால் வரும் சின்னப் பள்ளத்தை அதனோடு சேருங்கள். ஒரு ஃபிரேம் துல்லியத்தில் உட்கார்ந்துவிடும்.

பின்னணியில் தொடர்ந்து இசையோ பாட்டோ பதிந்திருந்தால் இந்த வழி உதவாது; ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும். கச்சேரி, பட்டிமன்றக் கைத்தட்டல், கோயில் நாகஸ்வரம் என்றால் மறுபடி எடிட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆடியோவின் வேகத்தை மாற்றி இழுப்பது, நழுவல் சீராக இருக்கும் தனி ரெக்கார்டர் சூழலுக்கு மட்டும்தான். அங்கே அது மிகச் சரியான தீர்வு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு முறை கைதட்டி வைத்திருந்தால், இரண்டு தட்டுகளுக்கும் நடுவிலுள்ள நீளத்தை ஒப்பிட்டு அந்த விகிதத்தில் இழுத்துவிடலாம்.

## மாற்றிய கோப்பைச் சோதிப்பது

டைம்லைனில் போடுவதற்கு முன் புதிய கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து `Constant` என்று வந்திருப்பதையும், படத்தின் நீளமும் ஆடியோவின் நீளமும் ஒத்திருப்பதையும் பாருங்கள். அப்புறம் கடைசி நிமிடத்தை மட்டும் பார்க்காமல், நடுவில் வெளிச்சம் மாறிய இடங்களில் "ஆமாம்" வரும் இடத்தைத் தேடி ஓட்டுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டையும் அதே 30-இல் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ரிசால்வில் டைம்லைன் உருவான பிறகு புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது.

## அடுத்த முறை எடுக்கும்போது

ஐபோனில் Settings, Camera, Record Video என்று போனால் `Auto FPS` இருக்கும். அதை `Off` செய்துவிட்டால், இருட்டில் 24-க்கு இறங்கும் பெரிய சரிவு நின்றுவிடும். இதற்கு விலை, இருட்டில் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும். ஒரு விளக்கைக் கூடுதலாகப் போடுங்கள். கல்யாண வீடியோக்காரர்களைப்போல் 25 ஃபிரேமில் வேலை செய்பவர்கள் அதே இடத்தில் `Show PAL Formats` என்பதையும் திறந்து 25-இலேயே எடுக்கலாம். 30-இல் எடுத்து 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் போய், கேமரா திரும்பும்போது இடறும்.

இதன் பிறகும் மீடியாஇன்ஃபோ `Variable` என்று காட்டலாம். சராசரி 29.99-ஐ ஒட்டி இருந்தால் சின்னத் துண்டுகளுக்கு அப்படியே பயன்படுத்துங்கள்; அரை மணி நேரப் பேட்டி என்றால் அப்போதும் மாற்றிவிட்டே தொடங்குங்கள். கணினித் திரையைப் பதிபவர்கள் ஓபிஎஸ்ஸில் பதியலாம். அது நிலையான ஃபிரேம் ரேட்டிலேயே எழுதுகிறது, மாற்றும் வேலையே மிச்சம்.